கிழிந்து, மடிந்து, நீர்க்கறை படிந்த புகைப்படத்தை விவரித்து நிரப்பிச் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவரித்து நிரப்புதல் என்பது, படத்தில் ஒரு பகுதியைக் குறித்துக் கொடுத்து, அங்கே என்ன காணப்பட வேண்டும் என்பதைச் சொற்களால் எழுதி, படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பச் செய்வது. இங்குள்ள விடைகள் யாவும் ஒரே ஒரு படத்தை முன்வைத்து எழுதப்பட்டவை. அது 10 × 15 செ.மீ. அளவுள்ள கறுப்பு வெள்ளை அச்சு. இடப்பக்கம் ஒரு பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு அருகில் ஒரு பெண் நிற்கிறார். முன்னால் தரையில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னணியில் வெறும் சுவரும், வலப்பக்கம் ஒரு மரச் சன்னலும் உள்ளன. மேல் வலது மூலை கிழிந்து தொலைந்துவிட்டது. அதோடு சன்னல் சட்டத்தின் முனையும் போய்விட்டது. கீழ் இடது மூலையும் இல்லை. நாற்காலியின் முன்காலும் பெரியவரின் ஒரு பாதத்தின் முன்பகுதியும் அந்தத் துண்டில் இருந்தன. வலது ஓரத்தில் தொடங்கும் ஒரு மடிப்பு, பெண்ணின் கன்னத்தையும் கழுத்தையும் கடந்து பெரியவரின் மடிவரை வந்து, அங்கே கிழிசலாக மாறியிருக்கிறது. கீழ் வலப்பக்கம், குழந்தைகளின் உடை மீது, தேநீர் நிறத்தில் நீர்க்கறை பரவியிருக்கிறது.

கிழிந்த துண்டுகளைப் பசை நாடாவால் ஒட்டிவிட்டு ஸ்கேன் செய்யலாமா?

ஒட்ட வேண்டாம். பசை நாடா நாளடைவில் மஞ்சளாகி, படத்தின் மேற்பரப்பில் இறங்கிவிடும். பிரிக்க முயன்றால் படப்பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். துண்டுகளை ஸ்கேனர் கண்ணாடியின் மீது ஒன்றையொன்று தொடாதவாறு சிறிது இடைவெளி விட்டு வைத்து, ஒரே அமைப்பில் ஸ்கேன் செய்துகொண்டு, பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய தனித்தனி லேயர்களாக இணைப்பதே சரியான வழி.

இணைக்கும்போது கிழிசலின் ஓரத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சுத்தாள் கிழியும்போது செங்குத்தாக அறுபடுவதில்லை, சரிவாகக் கிழிகிறது. ஆகையால் ஒரு துண்டின் ஓரத்தில் வெள்ளை நார் தெரியும். மற்றத் துண்டில் அந்த வெள்ளைக்கு மேலே இருக்க வேண்டிய படப்பூச்சு முழுமையாக இருக்கும். பூச்சு உள்ள துண்டின் லேயரை மேலே வைத்து நகர்த்தினால், பெரும்பாலும் வெள்ளை நார் முழுவதும் மறைந்துவிடும். நமது படத்தில் பெரியவரின் மடி மேல் பட்டையாகத் தெரிந்த கிழிசல், லேயர்களின் வரிசையை மாற்றியவுடன் மயிரிழை அளவுக்குக் குறைந்தது. எதையும் வரைந்து நிரப்பத் தேவைப்படாமலேயே பாதி வேலை அங்கே முடிந்தது.

சுருண்டுபோன அச்சை மூடியால் அழுத்தித் தட்டையாக்க முயல வேண்டாம். காய்ந்த பூச்சு அழுத்தத்தில் வெடித்துப் புதிய விரிசல்கள் உண்டாகும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படமாக இருந்தால் அதைப் பிரிக்காமல் கண்ணாடியுடனேயே ஸ்கேன் செய்யுங்கள்.

எந்த அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும்? கைப்பேசியில் எடுத்தால் போதாதா?

இந்த அளவுள்ள அச்சுக்கு 600 பிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல், போதும். அப்போது படம் ஏறத்தாழ 2360 × 3540 பிக்சல்களாக வரும்; அச்சில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள மடிப்பு திரையில் ஏறத்தாழ 24 பிக்சல் அகலமாக இருக்கும். சேதத்தின் ஓரத்தைத் துல்லியமாகக் குறிப்பதற்கு இந்த இடம் தேவை. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணப் படமாகவே ஸ்கேன் செய்யுங்கள். அதன் காரணம் கறையைப் பற்றிய விடையில் வருகிறது. தூசு நீக்கம், கூர்மையாக்கம், தானியங்கி நிறத்திருத்தம் ஆகிய அனைத்தையும் அணைத்துவிட்டு டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

கைப்பேசியில் எடுத்தால் ஒளி சமமாக விழாது. அதைவிட முக்கியமாக, கைப்பேசி தானாகவே இரைச்சலை நீக்கிக் கூர்மையாக்கிவிடும். அச்சின் இயல்பான துகள்தன்மை அதில் அழிந்துவிட்டால், பின்னர் நிரப்பும் பகுதியை எதனோடு பொருத்துவது என்பதே தெரியாமல் போகும்.

மடிப்பு, நேரில் பார்ப்பதைவிட ஸ்கேனில் பெரிதாகத் தெரிகிறது. ஏன்?

ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சுகிறது. மடிப்பு என்பது ஒரு சிறிய மேடு. அதன் ஒரு சரிவு வெளுத்தும் மறு சரிவு நிழலாகவும் பதிவாகிறது. அந்த நிழலின் கீழே படம் பழுதின்றி இருக்கக்கூடும்.

இதை அறிய, அச்சை 180 பாகை திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவது ஸ்கேனைக் கணினியில் நேராக்கி, முதல் ஸ்கேனின் மேல் லேயராகப் பொருத்தி, ஒளிபுகுதன்மையை 50 சதவீதமாக்கினால், ஒன்றின் நிழல் மற்றொன்றின் வெளிச்சத்தோடு சேர்ந்து பெருமளவு தணிந்துவிடும். இதற்குப் பின்னும் வெள்ளையாக எஞ்சி நிற்பது மட்டுமே உண்மையில் பூச்சு உதிர்ந்த விரிசல். நமது படத்தில் பெண்ணின் கழுத்தைக் கடந்த கோட்டின் பெரும்பகுதி நிழலாகவே இருந்தது. பூச்சு உதிர்ந்த இடங்கள், கன்னத்தில் ஒன்றும் தோளருகே இரண்டுமாக, மூன்று சிறு புள்ளிகள் மட்டுமே.

இந்தப் படிநிலையைத் தாண்டிச் செல்பவர்கள்தான் அதிகம். நிழல் விழுந்த இடத்தையும் பூச்சு உதிர்ந்த இடத்தையும் ஒன்றாகக் கருதிக் குறித்துக் கொடுத்துவிட்டால், உயிரோடு இருந்த உண்மையான படத்தை நாமே அழித்து, அந்த இடத்தில் ஒரு கற்பனையை வைத்தவர்களாவோம்.

நீர்க்கறையையும் விவரித்து நிரப்பச் சொல்லலாமா?

கூடாது. கறை படிந்த இடத்தில் படம் மறைந்திருக்கிறது, தொலைந்துபோகவில்லை. மூலையில் படமே இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறிவதே இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை என்று நான் கருதுகிறேன். மறைந்ததை வெளிக்கொணர வேண்டும்; தொலைந்ததை மட்டுமே விவரித்து நிரப்ப வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இது வியக்கத்தக்க அளவுக்கு எளிது. மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சுகின்றன. சிவப்பு ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. வண்ணத்தில் ஸ்கேன் செய்த கோப்பைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீலச் சேனலில் கறை கன்னங்கரேலென்று இருக்கும். சிவப்புச் சேனலில் பெரும்பாலும் காணாமலே போயிருக்கும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக்கிக்கொள்வதே போதும். நமது படத்தில் நீலச் சேனலில் ஒரே கறுப்புத் திட்டாகக் கிடந்த சிறுமியின் பாவாடையில், சிவப்புச் சேனலைத் திறந்ததும் கட்டம்போட்ட துணியின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அந்தக் கட்டங்களை எந்த விவரிப்பாலும் வரவழைத்திருக்க முடியாது. வேறு கட்டங்கள்தாம் வந்திருக்கும்.

கறை பரவி நின்ற எல்லையில், நீரோடு வந்த அழுக்கு ஒதுங்கி ஒரு கருங்கோடாகப் படிந்திருக்கும். இது சிவப்புச் சேனலிலும் மெல்லிதாக எஞ்சும். அந்தக் கோட்டை மட்டும் தேர்வு செய்து, வளைகோட்டுத் திருத்தத்தால் சுற்றுப்புறத்தின் அளவுக்கு வெளிச்சமாக்குங்கள்.

வண்ணப் படமாக இருந்தால் ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொள்ள இயலாது. கறை பட்ட பகுதியை மென்மையான ஓரத்தோடு தேர்வு செய்து, கறைக்கு வெளியே உள்ள அதே பொருளின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை நீலச் சேனலை முதலிலும் மற்றவற்றைச் சிறிதளவும் உயர்த்த வேண்டும். ஈரத்தில் பூச்சு ஊறிக் கரைந்து வெறும் தாள் தெரியும் இடங்கள் மட்டும் மூலைகளைப் போலவே தொலைந்தவை.

‘கிழிந்த மூலையைச் சரிசெய்’ என்று எழுதினால் மறுபடியும் கிழிந்த தாளைப் போன்ற ஓரமே வருகிறது. என்ன தவறு?

பகுதியைக் குறித்துக் கொடுத்து நிரப்பச் சொல்லும் கருவிகள், நாம் எழுதுவதைக் கட்டளையாகப் படிப்பதில்லை. அந்த இடத்தில் காணப்பட வேண்டிய காட்சியின் வருணனையாகப் படிக்கின்றன. ‘கிழிந்த’ என்ற சொல் அதில் இருந்தால் கிழிசலை வரையும். சேதத்தைச் சொல்லாதீர்கள், சேதம் நேர்வதற்கு முன்பு அங்கே என்ன இருந்ததோ அதைச் சொல்லுங்கள்.

மேல் வலது மூலைக்கு நான் எழுதியது இதுதான்: ‘சுண்ணாம்பு பூசிய வெறும் சுவர், மரச் சன்னல் சட்டத்தின் மேல் வலது முனை, இடப்பக்கத்திலிருந்து வரும் மென்மையான ஒளி, சற்றே குவியம் தவறிய பின்னணி, நுண்துகள் உள்ள கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.’ ஆங்கிலக் குறிப்புகளை மட்டும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மாதிரிகளுக்குத் தமிழ் வருணனை புரியாது. அவற்றுக்கு அதையே இவ்வாறு தட்டச்சிட வேண்டும்:

```
plain plastered wall, upper right end of a wooden window frame,
soft light from the left, background slightly out of focus,
black and white photograph, fine grain
```

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் படத்துக்குள்ளேயே ஒரு சான்று இருப்பதைக் கவனியுங்கள். சுவர் என்று எழுதியதற்குக் காரணம், மூலையின் இரு பக்கங்களிலும் சுவர் தொடர்ந்து தெரிகிறது. ஒளி இடப்பக்கத்திலிருந்து என்பதை மனிதர்களின் மூக்கு நிழல் சொல்கிறது. குவியம் தவறியது என்பதை எஞ்சியுள்ள சன்னல் சட்டமே காட்டுகிறது. இதை எழுதாமல் விட்டபோது கருவி கத்திமுனைபோலக் கூர்மையான ஒரு மரச்சட்டத்தை வரைந்தது, அது படத்தில் ஒட்டவில்லை. ‘பழைய’, ‘அழகான’, ‘தரமான’ போன்ற சொற்களை எழுத வேண்டாம். ‘பழைய புகைப்படம்’ என்று எழுதினாலே கீறலும் கறையும் சேர்ந்து வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பகுதியைக் குறிக்காமல், பேச்சுமொழியில் கட்டளை ஏற்கும் கருவிகளும் உள்ளன. அவற்றுக்கு ‘மேல் வலது மூலையில் விடுபட்ட இடத்தைச் சுவராலும் சன்னல் சட்டத்தின் முனையாலும் நிரப்பு, மற்ற எதையும் மாற்றாதே’ என்று எழுதலாம். ஆனால் மாற்றாதே என்று எழுதிவிட்டதாலேயே அவை மாற்றாமல் இருந்துவிடாது. அதைச் சோதிக்கும் முறை பின்னால் வருகிறது.

குறித்துக் கொடுக்கும் பகுதி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சேதத்தின் ஓரத்தைத் தாண்டி நல்ல படத்திலும் நான்கைந்து பிக்சல்கள் குறிக்குள் வரும்படி குறியுங்கள். கிழிந்த ஓரத்தில் வெள்ளை நாரின் ஓர் இழை வெளியே தங்கிவிட்டாலும், கருவி அதை உண்மையான ஒரு பொருளின் விளிம்பு என்று எண்ணித் தொடர்ந்து வரைந்துவிடும். சுவரில் காரணமே இல்லாமல் ஒரு வெண்கோடு ஓடினால் அதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூலைக்கு வெளியே ஸ்கேனர் மூடியின் வெண்மையோ கருமையோ பதிவாகியிருக்கும். அதுவும் ஒரு பிக்சல்கூட மிச்சமின்றிக் குறிக்குள் வர வேண்டும்.

இன்னொரு பக்கம், ஒரே நேரத்தில் இரண்டு மூலைகளையும் விரிசல்களையும் குறித்துக் கொடுக்க வேண்டாம். ஒரு வருணனை எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. சன்னல் சட்டம் பெரியவரின் காலடியில் வந்து நிற்கும்.

கீழ் மூலையில் பாதமே போய்விட்டதே, அதை எப்படி விவரிப்பது?

முதலில் எதை அறிவோம் என்பதைப் படத்திலிருந்தே திரட்டுங்கள். பெரியவரின் மற்றப் பாதம் முழுமையாக இருக்கிறது. அதில் குறுக்காக இரண்டு வார்கள் கொண்ட தோல் செருப்பு. தொலைந்த பாதத்தின் குதிகாலும் முதல் வாரும் தெரிகின்றன. நாற்காலியின் வலது முன்கால் கடைந்தெடுத்த உருளை வடிவில் இருக்கிறது. இடது முன்கால் தொடைமட்டத்தில் துண்டாகி நிற்கிறது. தரை சிமென்ட் பூச்சு. இவ்வளவும் கையில் இருக்கும்போது வருணனை தானாகவே அமைகிறது.

நான் இதை இரண்டு முறையாகச் செய்தேன். முதலில் நாற்காலிக் காலும் தரையும் மட்டும்: ‘கடைந்த மர நாற்காலிக் காலின் கீழ்ப்பகுதி, வெளிறிய சிமென்ட் தரை, வலப்பக்கம் விழும் மங்கிய நிழல்.’ அது சரியாக வந்த பிறகே பாதம் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் தனியே குறித்து, ‘குறுக்கே இரண்டு வார்கள் கொண்ட கருந்தோல் செருப்பின் முன்பகுதி, தரையில் பதிந்த பாதம், முனை சற்றே இடப்புறம் நோக்கியது’ என்று எழுதினேன். இரண்டையும் ஒன்றாக எழுதிய முதல் முயற்சிகளில் செருப்பு வார் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டது.

விரல்களையும் பாதங்களையும் வரைவதில் இந்தக் கருவிகள் அடிக்கடி தவறுகின்றன. எண்ணிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். வந்தவற்றுள் ஒன்றில் பெருவிரல் தவறான பக்கத்தில் இருந்தது. திரையில் முழுப்படமாகப் பார்த்தபோது அது கண்ணில் படவேயில்லை.

இருக்கும் பாதத்தை நகலெடுத்து இடவலமாகத் திருப்பி ஒட்டுவது எளிதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. வடிவம் பொருந்தும், ஆனால் ஒளியும் திரும்பிவிடும். இடப்பக்கம் வெளிச்சமாக இருக்க வேண்டிய செருப்பு வலப்பக்கம் மின்னும். அந்த வழியில் சென்றால் பளபளப்பையும் நிழலையும் கையால் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

ஒரே வருணனைக்கு மூன்று நான்கு முறை நிரப்பச் சொல்லி, வந்தவற்றுள் கண்ணை இழுக்காத ஒன்றைத் தேர்வு செய்யுங்கள். மூலை என்பது பார்வையாளர் கடந்து செல்ல வேண்டிய இடம். அங்கே புதிதாக ஒரு சுவாரசியம் தோன்றினால் அது தவறு.

அந்த மூலையில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாவிட்டால்?

அண்டையில் உள்ளது தொடர்ந்தால் என்ன இருக்குமோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல கருவிகளில் வருணனைப் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டால் சுற்றுப்புறத்தை மட்டும் பார்த்து நிரப்பும். சுவர், தரை, வானம் போன்றவற்றுக்கு அதுவே போதும். ஆனால் வெறுமையாக விடும்போது சில சமயம் ஒரு பூந்தொட்டியோ மனிதத் தோளோ தானாக முளைக்கும். அப்படி நேர்ந்தால் ‘வெறும் சுவர்’ என்ற இரண்டு சொற்களை எழுதிவிடுங்கள்.

தொலைந்த பகுதியில் ஒரு மனிதர் நின்றிருந்தார் என்பது தெரிந்து, அவர் எப்படி இருந்தார் என்பது தெரியாவிட்டால், படத்தைப் புதிதாக வெட்டி அளவைக் குறைப்பதோ, மூலையை வெற்றுச் சாம்பல் நிறத்தில் விடுவதோ நேர்மையானது.

விரிசல்களுக்கும் வருணனை எழுத வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சில பிக்சல் அகலமே உள்ள கோட்டுக்கு இருபுறமும் உண்மையான படம் இருக்கிறது; அதை உள்ளே நீட்டினால் போதும். இதற்குச் சொல்லே தேவைப்படாத பழைய முறைகள் உள்ளன. ஓவியங்களைச் சீரமைப்போர் உதிர்ந்த வண்ணத்தைச் சுற்றியுள்ள வண்ணத்தால் நிரப்பும் கைவினையைக் கணினிக்குக் கொண்டுவந்த ஆய்வுக் கட்டுரை 2000-ஆம் ஆண்டு வெளியானது. 2004-இல் டெலியா என்ற ஆய்வாளர் வெளியிட்ட விரைவான முறை இன்று ஓபன்சிவி என்ற நிரல் நூலகத்தில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. விரிசல்களை வெள்ளையாகவும் மற்ற அனைத்தையும் கறுப்பாகவும் தீட்டிய ஒரு குறிப்படம் இருந்தால் போதும்:

```python
import cv2
img = cv2.imread("scan.tif")
mask = cv2.imread("cracks.png", 0)
out = cv2.inpaint(img, mask, 5, cv2.INPAINT_TELEA)
cv2.imwrite("cracks_filled.tif", out)
```

இது கோப்பை 8 பிட்டாகப் படிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஏழெட்டு பிக்சல் அகலம்வரை நன்றாக வரும். அதற்கு மேல் அகலமான இடங்களில் மங்கலான பட்டை தெரியும். துணியின் நெசவு, தலைமுடி போன்று வடிவமைப்பு உள்ள இடங்களில் விரிசல் அகலமாக இருந்தால் அங்கே மட்டும் வருணனை உதவும். ‘கட்டம்போட்ட பருத்தித் துணி, செங்குத்து மடிப்பு’ என்ற அளவுக்குச் சுருக்கமாக.

முகத்தின் மேல் செல்லும் கோட்டை என்ன செய்வது?

முகத்தை எந்த நிரப்பும் கருவியிடமும் ஒப்படைக்காதீர்கள். ஒரு கண்ணின் ஓரமோ உதட்டின் முனையோ ஒரு மில்லிமீட்டரில் பாதி நகர்ந்தாலே அவர் வேறொருவர் ஆகிவிடுவார். குடும்பத்தார் ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்பார்கள். எது என்று அவர்களால் சொல்ல இயலாது. முகத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் ஜிஎஃப்பிகேன் போன்ற மாதிரிகள், பயிற்சியில் கண்ட ஏராளமான முகங்களிலிருந்து கற்ற பொதுவான அமைப்பைக் கொண்டு விவரங்களை வரைகின்றன. மங்கலான படத்தில் அந்த விவரங்கள் அந்த மனிதருடையவை அல்ல.

கன்னத்தின் மேல் இருந்த உதிர்ந்த புள்ளியை நான் ஹீலிங் பிரஷ்ஷால், தனி லேயரில், கோட்டின் அகலத்தைவிடச் சற்றே பெரிய தூரிகையை வைத்து, அதே கன்னத்தில் அதே வெளிச்ச அளவுள்ள அண்டைத் தோலிலிருந்து எடுத்து நிரப்பினேன். கன்னத்தில் ஒளி இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே போகிறது. ஆகையால் மாதிரியைக் கோட்டுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் எடுக்க வேண்டும், பக்கவாட்டிலிருந்து எடுத்தால் திட்டு தெரியும். கண்ணே போய்விட்ட படமாக இருந்தால், அதே காலத்தில் எடுத்த அதே மனிதரின் இன்னொரு படம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் சேதத்தின் வெண்மையை மட்டும் சுற்றுப்புற அளவுக்குத் தணித்து, அப்படியே விட்டுவிடுவது நல்லது.

நிரப்பிய மூலை மட்டும் வழவழவென்று தனியாகத் தெரிகிறது. எப்படிப் பொருத்துவது?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பல கருவிகள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1024 பிக்சல் பக்கமுள்ள சதுரத்தையே வரைகின்றன. அதைவிடப் பெரிய பகுதியைக் கொடுத்தால் சிறிதாக வரைந்து பெரிதாக இழுத்து நிரப்புகின்றன. மூலையைச் சுற்றி 1000 பிக்சல் அளவுக்கு வெட்டியெடுத்துத் தனியே நிரப்பி, திரும்பப் பொருத்தினால் இது தீரும். மாஸ்க் செய்த, அதாவது குறித்துக் கொடுத்த, பகுதியை மட்டும் பெரிதாக்கி வரையும் `Only masked` போன்ற தேர்வு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மற்றொன்று, அச்சின் துகள்தன்மை. நிரப்பிய பகுதியில் அது இருக்காது. நிரப்பிய லேயருக்கு மட்டும் ஒற்றை நிற இரைச்சலைச் சிறிதளவு சேர்த்து, அரை பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, 100 சதவீத அளவில் பழைய பகுதியோடு ஒப்பிட்டுக் கூட்டிக் குறையுங்கள். படத்தை மிகவும் பிரகாசமாக்கியும் மிகவும் இருட்டாக்கியும் ஒருமுறை பார்த்தால், சாதாரண நிலையில் கண்ணுக்குத் தப்பும் ஒட்டுக்கோடுகள் வெளிப்படும்.

கருவி நான் கேட்காத இடங்களையும் மாற்றியிருக்கிறதா என்று எப்படி அறிவது?

நிரப்புவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் லேயர்களாக அடுக்கி, மேல் லேயரை `Difference` என்ற கலப்பு முறையில் வையுங்கள். குறித்த மூலை மட்டும் ஒளிர்ந்து, மற்ற இடம் முழுவதும் கறுப்பாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாட்டையும் பிடிக்க:

```python
import cv2
before = cv2.imread("before.tif")
after = cv2.imread("after.tif")
mask = cv2.imread("mask.png", 0)
diff = cv2.absdiff(before, after)
diff[mask > 0] = 0
print(diff.max())
```

விடை 0 என்றால் குறிக்கு வெளியே ஒரு பிக்சலும் மாறவில்லை. இடையில் ஜேபெக் கோப்பாகச் சேமித்திருந்தால் படம் முழுவதும் சிறு எண்கள் பரவலாக வரும், அது அஞ்சத்தக்கதன்று. ஆனால் வேறுபாட்டுப் படத்தில் முகங்களின் கோட்டுருவம் தெரிந்தால், கருவி படம் முழுவதையும் புதிதாக வரைந்திருக்கிறது என்று பொருள். கட்டளை ஏற்கும் கருவிகளில் இது வழக்கமாகவே நிகழ்கிறது. திரும்பி வரும் படத்தின் அளவும் பல சமயம் மாறியிருக்கும். நமது படத்தில் அவ்வாறு வந்த ஒன்றில் மூலை மிக நன்றாக அமைந்திருந்தது. நிற்கும் பெண்ணோ இல்லாத ஒரு புன்னகையைப் பெற்றிருந்தார்.

அப்படி வந்த படத்தை வீசியெறியத் தேவையில்லை. அதை மூலப்படத்தின் அளவுக்குக் கொண்டுவந்து மேல் லேயராக வைத்து, மாஸ்க் கொண்டு மூலையை மட்டும் தெரியவிட்டு மற்ற அனைத்தையும் மறைத்துவிடுங்கள். முகங்கள் ஸ்கேனில் வந்தவையாகவே இருக்கும்.

முடிந்த பிறகு எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும்?

கை வைக்காத முதல் ஸ்கேன், லேயர்களோடு கூடிய வேலைக்கோப்பு, நிரப்பிய இடங்களைக் காட்டும் மாஸ்க் படம், இறுதிப் படம் ஆகிய நான்கும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். இறுதிப் படத்தின் விவரக்குறிப்பில் ‘மேல் வலது மூலையும் கீழ் இடது மூலையும், பெரியவரின் பாதத்தின் முன்பகுதி உட்பட, கணினியால் நிரப்பப்பட்டவை’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்; இல்லையேல் அடுத்த தலைமுறையினர் அந்தச் செருப்பை உண்மையென்றே நம்புவார்கள். கிழிந்த அச்சுத் துண்டுகளை அமிலமற்ற தாள் உறையில், தட்டையாக, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.